எட்டு யூனிட் இன்சுலினும் ஐந்து கேள்விகளும்

புதிய பேட்ச் நர்சிங் மாணவர்கள் வார்டுக்கு வரும்போது ஐந்து சரிபார்ப்புகளும் அவர்கள் வாயில் தயாராக இருக்கும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வைவாவில் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மருந்து ட்ராலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, "சரி என்று எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேட்டால்தான் திணறல் தொடங்கும். பெரும்பாலும் பதில் "ஆர்டரில் போட்டிருக்கு சிஸ்டர்" என்பதாக இருக்கும். ஆர்டரில் போட்டிருப்பது ஒரு பக்கம்தான். கையில் இருக்கும் மருந்து, கட்டிலில் படுத்திருக்கும் ஆள், சுவரில் ஓடும் கடிகாரம் இவையெல்லாம் மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் சரிபார்ப்பு என்று பெயர்.

இப்போது சில பாடநூல்களில் இந்த ஐந்து ஏழாகி, பத்தாகிவிட்டது. சரியான காரணம், சரியான பதிவு, மறுக்கும் உரிமை என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் முதல் நாள் வார்டுக்கு வருபவருக்குப் பத்தைக் கொடுத்தால் பத்தையும் ஒப்பிப்பார், ஒன்றையும் செய்யமாட்டார் என்பது என் அனுபவம். அதனால் நான் ஐந்தோடு நிறுத்தி, ஆறாவதாகப் பதிவைத் தனியே சொல்லித் தருவேன். அதுவும் எல்லா மருந்தையும் வைத்து அல்ல, இன்சுலினை மட்டும் வைத்து. ஐந்து இடங்களிலும் வழுக்கும் மருந்து அது. மருந்துப் பாதுகாப்புக்காக உழைக்கும் அமைப்புகள் அதை உயர் எச்சரிக்கை மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஹெப்பாரினும் பொட்டாசியம் குளோரைடும் அதே பட்டியலில் இருப்பவைதான். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மெடிக்கல் வார்டுக்குப் போனாலும் தினமும் மூன்று வேளை மாணவர் கைக்கு வருவது இன்சுலின்தான்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். காலில் புண்ணோடு சேர்ந்திருக்கும் சர்க்கரை நோயாளி, வயது ஐம்பதைத் தாண்டியவர். ட்ரீட்மெண்ட் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பது: ரெகுலர் இன்சுலின், தோலடியில், சாப்பாட்டுக்கு முன் காலை 10, மதியம் 10, இரவு 8 யூனிட். நாம் போடப்போவது இரவு டோஸ், அதாவது 8 யூனிட். பெயருக்கு முருகேசன் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆள் யார் என்ற கேள்வி. பதினான்காம் கட்டில் என்பதை அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வார்டுகளில் கட்டில் நகராவிட்டாலும் ஆள் நகர்வார். ஃபேன் நேராக இருக்கும் கட்டில் காலியானதும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அங்கே போய்ப் படுத்திருப்பார். பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி என்று கால் புண்காரர் இடம் மாறியிருப்பார். சில நேரம் நோயாளி தரையில் பாய் விரித்துப் படுத்திருக்க, அவரோடு வந்த அட்டெண்டர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பார். இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் நைட் டியூட்டி பார்த்த பிறகு சிரிக்கமாட்டார்கள்.

அடுத்தது கேட்கும் விதம். "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். காது சரியாகக் கேட்காதவர், அரைத் தூக்கத்தில் இருப்பவர், சிஸ்டரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நினைப்பவர், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும்: "ஐயா, உங்க பேர் சொல்லுங்க. அப்பா பேர் என்ன?" அவர் சொல்வதைக் கேட்டபடியே கண் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள ஐ.பி. நம்பரை ஷீட்டில் உள்ள நம்பரோடு முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கம். அப்பா பெயரைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் எம். முருகேசனும் பி. முருகேசனும் இருக்கும்போது ட்ரீட்மெண்ட் ஷீட்டின் மூலையில் கிறுக்கலாக இருக்கும் அந்த ஒற்றை எழுத்தை நம்பிப் பயனில்லை. பேச முடியாத நோயாளியாக இருந்தால் பட்டையும் அட்டெண்டரும்தான் துணை. பட்டை கழன்று போயிருந்தால் முதலில் பட்டை கட்ட வேண்டும், ஊசி அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, மருந்து. வார்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் இன்சுலின் வயல்கள் வரிசையாக நிற்கும். ரெகுலர் இருக்கும், அதைப் பேச்சுவழக்கில் ப்ளெயின் என்போம். ரெகுலரும் மெதுவாக வேலை செய்யும் என்.பி.எச்.சும் 30க்கு 70 என்று சேர்ந்த கலவை இருக்கும். தனியாக என்.பி.எச். இருக்கும். ஒரே கம்பெனியாக இருந்தால் பாட்டில் அளவு, ரப்பர் மூடி, லேபிளின் அமைப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த கிளார்ஜின் வயலும் அங்கேயே நிற்கலாம். எனவே லேபிளைப் படிக்காமல் வயலை எடுக்கக் கூடாது. மூன்று முறை படிக்க வேண்டும்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, மருந்தை இழுக்கும் முன் ஒரு முறை, வயலைத் திரும்ப வைக்கும் முன் ஒரு முறை. மூன்றாவது முறைதான் பலரும் விட்டுவிடுவது. ஆனால் தவறான வயல் என்று அப்போது தெரிந்தாலும் ஊசி இன்னும் நம் கையில்தான் இருக்கும்.

லேபிளோடு மருந்தின் தோற்றத்தையும் பார்க்க வேண்டும். ரெகுலர் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ அது கெட்டுப்போன ரெகுலர், அல்லது ரெகுலரே அல்ல. என்.பி.எச்.சும் கலவையும் இயல்பிலேயே பால் போல் கலங்கலாக இருப்பவை. அவற்றைக் குலுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும். கிளார்ஜின் இங்கே ஏமாற்றும். அதுவும் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் மருந்து. ஆகவே தெளிவாக இருக்கிறதே என்று லேபிளைப் படிக்காமல் விடவும் முடியாது. காலாவதித் தேதியோடு, திறந்த தேதியையும் வயலில் தேட வேண்டும். ரெகுலர் போன்றவை திறந்த பிறகு ஏறத்தாழ நான்கு வாரம்தான். திறந்த தேதி எழுதாத வயல் எத்தனை நாளாக அங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவதுதான் அளவு. இன்சுலின் விஷயத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். டாக்டர் எழுதியது 8 யூனிட். யூனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளப்பது, எம்.எல். என்பது நீரின் பருமனை அளப்பது. எத்தனை எம்.எல்.லில் 8 யூனிட் இருக்கிறது என்பது அந்த வயலைப் பொறுத்தது. பல நாடுகளில் ஒரு எம்.எல்.லுக்கு 100 யூனிட் என்ற ஒரே அடர்த்திக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். இந்தியாவில் இன்றும் இரண்டு அடர்த்திகள் பக்கத்தில் பக்கத்தில் புழங்குகின்றன. வார்டில் வழக்கமாகக் கிடைக்கும் ரெகுலர் வயல் ஒரு எம்.எல்.லுக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாக்களில் போடும் கார்ட்ரிட்ஜும் கிளார்ஜின் வயலும் ஒரு எம்.எல்.லுக்கு 100 யூனிட்.

அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வெளிச்சம் குறைந்த வார்டில் சிவப்பும் ஆரஞ்சும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. மூடியைக் கழற்றி ட்ரேயில் போட்ட பிறகு அந்த அடையாளமும் போய்விடும். அதனால் நிறத்தை நம்பாமல் சிரிஞ்சின் உடலில் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்வேன். எந்த அடர்த்திக்கான சிரிஞ்சு என்பது அங்கே எழுதியிருக்கும். வயலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், 8 என்ற கோடு வரை இழுத்தால் 8 யூனிட். அவ்வளவுதான், எந்தக் கணக்கும் தேவையில்லை.

ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துபோய், 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 8 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.08 எம்.எல். அதை 40ஆல் பெருக்கினால் 3.2 யூனிட். எழுதியதில் பாதிகூட இல்லை. மறுநாள் காலை சர்க்கரை ஏறியிருக்கும், டாக்டர் டோஸை உயர்த்துவார், அதற்குள் வார்டுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு வந்துவிட்டால் உயர்த்திய டோஸ் முழுதாக உள்ளே போகும். தலைகீழ் நிலைமை இதைவிட மோசம். பேனாவுக்கு நீடில் இல்லை என்று 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 8 கோடு வரை இழுத்தால், சிரிஞ்சில் ஏறுவது 0.2 எம்.எல். அதில் இருப்பது 20 யூனிட். எழுதியதைப்போல இரண்டரை மடங்கு. இரண்டு தடவையும் செய்தவர் 8 என்ற கோட்டைத்தான் பார்த்தார், ஆர்டரிலும் 8தான் இருந்தது. "அளவு சரிபார்த்தாயா?" என்று கேட்டால் மனசாட்சியோடு "ஆமாம்" என்பார். இதனால்தான் அளவைச் சரிபார்ப்பது என்றால் ஆர்டர், வயல், சிரிஞ்சு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"அப்போ 40 வயலுக்கு ஆரஞ்சு சிரிஞ்சுன்னா 20 கோடு வரை இழுத்தா சரியாப் போச்சே சிஸ்டர்?" என்று கெட்டிக்கார மாணவர் யாராவது கேட்பார். கணக்கு சரிதான், 0.2 எம்.எல். வருகிறது. ஆனால் அந்தச் சிரிஞ்சைக் கையில் வைத்திருக்கும்போது யாராவது கூப்பிட, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அவர் பார்ப்பது 20 என்ற எண்ணை. எட்டுக்குப் பதில் இருபது இழுத்துவிட்டார்கள் என்று கொட்டிவிட்டு 8 கோட்டுக்குக் கொண்டுவருவார். பொருத்தமான சிரிஞ்சு கிடைக்கும்வரை பக்கத்து வார்டில் கேட்கலாம், ஃபார்மசிக்கு ஆள் அனுப்பலாம். மனக்கணக்கில் சமாளிக்கக் கூடாது. சாதாரண 2 எம்.எல். சிரிஞ்சில் இன்சுலின் இழுப்பதை எந்தச் சூழ்நிலையிலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதில் யூனிட் கோடே கிடையாது. 8 என்பதை 0.8 என்று எடுத்துக்கொண்டால் 32 யூனிட் உள்ளே போய்விடும்.

இழுத்த பிறகு இன்னொரு ஸ்டாஃபிடம் காட்ட வேண்டும். காட்டும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. "எட்டு யூனிட் இருக்கு, பாருங்க" என்று நீட்டினால் அவர் எட்டைத்தான் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் ஆர்டர் ஷீட், வயல், மருந்து இழுத்த சிரிஞ்சு மூன்றையும் வைத்து, "இதில் எவ்வளவு இருக்கு சிஸ்டர்?" என்று கேட்க வேண்டும். அவர் தானாக எட்டு என்று சொன்னால்தான் அது இரண்டாவது சரிபார்ப்பு. இல்லாவிட்டால் ஒரே ஆளின் கண்ணை இரண்டு பேர் பயன்படுத்திய மாதிரி.

வழி என்ற கேள்வி நம் ஆர்டரில் எளிது: தோலடியில், வயிற்றில், தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, முந்தைய ஊசி போட்ட இடத்திலிருந்து தள்ளி. போட்ட பிறகு தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். கவனிக்க வேண்டிய இடம் வேறு. ரெகுலர் இன்சுலினை ஐ.சி.யு.விலும் கீட்டோஅசிடோசிஸ் நோயாளிக்கும் நரம்பு வழியாகக் கொடுப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதனால் இன்சுலினை நரம்பில் போடலாம் என்று பொதுவாக மனதில் பதிந்துவிடும். அது தெளிவான ரெகுலருக்குப் பொருந்தும். கலங்கலான என்.பி.எச்.சையோ கலவையையோ நரம்பில் போடவே கூடாது. வழி எழுதாத ஆர்டர் வந்தால் நாமாக நிரப்பிக்கொள்ளாமல் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

நேரம் என்றால் கடிகாரத்தைப் பார்ப்பது என்று நினைக்கிறோம். ரெகுலர் இன்சுலினுக்குச் சாப்பாட்டுத் தட்டைத்தான் பார்க்க வேண்டும். தோலடியில் போட்டால் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இரவு 7:40க்குப் போட்டால் உச்சம் பத்து மணியை ஒட்டி வரும். வார்டில் விளக்கணைத்து எல்லோரும் தூங்கும் நேரம் அது. அப்போது சர்க்கரை இறங்கி ஒருவருக்கு வியர்த்துக் கொட்டினாலும், உளறினாலும், தூக்கக் கலக்கம் என்றுதான் பக்கத்துக் கட்டில்காரர் நினைப்பார்.

ஆகவே போடுவதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இப்போதைய சி.பி.ஜி., அதாவது விரலில் குத்திப் பார்க்கும் ரத்தச் சர்க்கரை, எவ்வளவு. மதியம் எடுத்தது உதவாது. நம் முருகேசனுக்கு 7:35க்கு 212 வந்தது, போடலாம். இதே எண் 64 என்று வந்திருந்தால் ஊசியைக் கீழே வைக்க வேண்டும். நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, டாக்டருக்குச் சொல்லி, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, அரைமணி நேரத்தில் சாப்பாடு நிச்சயமாக உண்டா. "சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால் போதாது. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா, வீட்டிலிருந்து கொண்டுவருபவர் வந்துவிட்டாரா, காலையில் புண்ணைச் சுத்தம் செய்ய தியேட்டருக்கு அனுப்புவதாகச் சொல்லி பட்டினி போடச் சொல்லியிருக்கிறார்களா, சாயங்காலத்திலிருந்து வாந்தி ஏதும் எடுத்தாரா என்று கேட்க வேண்டும். பட்டினி என்று ஒரு வரி எழுதியிருந்து இன்சுலின் ஆர்டர் மாற்றப்படாமல் இருந்தால், அந்த முரண்பாட்டை டாக்டரிடம் கொண்டுபோவது நம் வேலை. இரண்டில் எதைச் செய்வது என்று நாமே முடிவெடுக்கக் கூடாது.

இனி பதிவு. எழுதுவதை டியூட்டி முடிவில் செய்யும் கணக்குவழக்கு வேலையாகப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அடுத்து வருபவர் இன்னொரு டோஸ் போடாமல் தடுப்பது அந்த எழுத்துதான். பல மருத்துவமனைகளில் மாலை டியூட்டி முடிந்து இரவு டியூட்டி தொடங்குவது 7 மணியிலிருந்து 8 மணிக்குள். இரவு இன்சுலின் போடும் நேரமும் அதுவே. மாலை சிஸ்டர் 7:40க்குப் போட்டுவிட்டு, ரிப்போர்ட் சொல்லும் அவசரத்தில் எழுதாமல் கிளம்பினார் என்று வையுங்கள். இரவு சிஸ்டர் ஷீட்டைப் பார்க்கிறார், கட்டம் காலி. காலிக் கட்டம் அவரிடம் சொல்வது ஒன்றே ஒன்று: இன்னும் போடவில்லை. நோயாளியைக் கேட்டால், "ஊசி போட்டாங்களே" என்பார். அது விரலில் குத்திய சி.பி.ஜி. ஊசியா, ஆன்டிபயாடிக்கா, இன்சுலினா என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு, அது இன்னும் ஆபத்து. ட்ராலி கிளம்பும் முன்பே அந்த வேளைக்கான எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மருந்து கொடுக்கப் போவது. நடுவில் ஒரு நோயாளியை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போயிருப்பார்கள், இன்னொருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். அவர்கள் கட்டங்களிலும் கையெழுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மறுநாள் சர்க்கரை 380 வந்ததும் டாக்டர் ஷீட்டைப் பார்த்து, "8 யூனிட் போட்டும் குறையலை" என்று டோஸை ஏற்றுவார். கொடுத்த பிறகு, கட்டில் பக்கத்திலேயே, கொடுத்தவர் கையால் எழுதுவது ஒன்றுதான் சரியான முறை. மாணவர் போட்டால் மாணவரே கையெழுத்திட்டு, மேற்பார்வையிட்ட ஸ்டாஃப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். தான் பார்க்காத ஊசிக்கு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும்.

எப்படி எழுதுவது? நம் முருகேசனுக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

19:35. சி.பி.ஜி. 212. சாப்பாடு வந்துவிட்டது, வாந்தி இல்லை.
19:40. ரெகுலர் இன்சுலின் 8 யூனிட், தோலடியில், வயிறு இடப்பக்கம். இரண்டாம் ஸ்டாஃப் சரிபார்த்தார். இருவர் கையெழுத்து.
20:10. நான்கு இட்லியில் மூன்று சாப்பிட்டார்.

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். நேரம், ஊசி உண்மையில் போட்ட நேரம். ட்ரீட்மெண்ட் ஷீட்டில் 7:30 என்று இருந்தாலும் 7:40க்குப் போட்டால் 7:40 என்றே எழுத வேண்டும். ஆர்டரில் உள்ள நேரத்தை அப்படியே பதிவில் இறக்கினால், இரவு பத்து மணிக்கு வியர்க்கும்போது உச்ச நேரத்தைக் கணக்கிடப் பார்ப்பவருக்குத் தவறான தொடக்கப் புள்ளி கிடைக்கும். 24 மணிக் கணக்கில் எழுதினால் காலையா மாலையா என்ற குழப்பமும் வராது. போட்ட இடத்தை எழுதுவது அடுத்த ஊசி வேறு இடத்தில் விழ உதவும். கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. இட்லி மூன்று என்பதை எழுதுவானேன் என்று தோன்றும். ஒன்றுதான் சாப்பிட்டார் என்றால் அந்த 8 யூனிட் அவருக்கு அதிகம், இரவு முழுக்க கவனிக்க வேண்டியவர் அவர்.

யூனிட் என்பதை முழுச் சொல்லாகவே எழுத வேண்டும். நம் ஷீட்டுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதில் யூனிட்டுக்குப் பதிலாக ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போடும் வழக்கம் உண்டு. வேகமாக எழுதும்போது அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் அது பூஜ்யம். எட்டு யூனிட் எண்பதாகிவிடும். 'ஐ.யு.' என்று எழுதினால் அது நரம்பு வழியைக் குறிக்கும் 'ஐ.வி.'யாகத் தெரியும், அளவில் தொடங்கிய குழப்பம் வழியில் போய் முடியும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயிண்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இவை இரண்டுமே இருக்கின்றன. அதே பட்டியலில் தசமப் புள்ளி பற்றிய இரண்டு விதிகளும் உண்டு. முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம்: 5.0 என்பது புள்ளி மங்கினால் 50. ஒன்றுக்குக் குறைவான அளவில் புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம்: .5 என்பது புள்ளி தவறினால் 5, 0.5 என்று எழுதினால் அந்தப் பயம் குறைவு.

கொடுக்காமல் விட்ட டோஸுக்கும் பதிவு வேண்டும். காலிக் கட்டம் எதையும் சொல்லாது, மறந்ததா, மறுத்ததா, நிறுத்தியதா என்று அடுத்தவருக்குத் தெரியாது. நம் மருத்துவமனையின் முறைப்படி அந்த நேரத்தை வட்டமிட்டோ குறியிட்டோ, காரணத்தை எழுத வேண்டும்: "19:35. சி.பி.ஜி. 64. வியர்வை உள்ளது, நினைவு தெளிவு. இன்சுலின் கொடுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. 19:40. டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. 19:50. சி.பி.ஜி. 98." நோயாளி ஊசியே வேண்டாம் என்றால், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்பது நம் எரிச்சல். "நேத்து போட்டதுல மயக்கம் வந்துச்சு, வேண்டாம் என்கிறார்" என்பது டாக்டருக்குத் தேவையான செய்தி.

எழுதியதில் பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோடு. அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானது, கையெழுத்து, நேரம். வைட்னர் பூசிய ஷீட்டைப் பார்த்தால் அதற்கடியில் என்ன இருந்தது என்ற சந்தேகம்தான் எல்லோருக்கும் முதலில் வரும். மூன்றை மாற்றி எட்டாக்குவது, ஒன்றின் மேல் ஏழு எழுதுவது எல்லாம் அதைவிட மோசம்.

சிரிஞ்சு மாறிப்போய் 20 யூனிட் உள்ளே போய்விட்டது என்று தெரியவந்தால்? முதல் வேலை எழுதுவது அல்ல. நோயாளியின் சி.பி.ஜி.யைப் பார்த்து, டியூட்டி டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். என்ன அடர்த்தி, எந்தச் சிரிஞ்சு, எத்தனை மணிக்கு என்ற மூன்று தகவலையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், அவர் கேட்பது அதைத்தான். ரெகுலரின் வேலை ஆறிலிருந்து எட்டு மணி நேரம்வரை நீடிக்கும், டோஸ் கூடினால் இன்னும் நீளும். அதனால் ஒரு முறை சி.பி.ஜி. சரியாக வந்துவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டர் சொல்லும் இடைவெளியில் இரவு முழுக்கப் பார்க்க வேண்டும். பிறகு கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: கொடுக்கப்பட்டது 20 யூனிட், ஆர்டர் 8 யூனிட், நேரம், சி.பி.ஜி., தெரிவிக்கப்பட்டவர், செய்யப்பட்டவை. யார்மேல் தவறு, ஏன் நேர்ந்தது என்பதற்கெல்லாம் தனிப் படிவம் இருக்கிறது, அதில் எழுதலாம். ஷீட்டில் 8 என்று எழுதிவிட்டு வாய்மொழியாக மட்டும் டாக்டரிடம் 20 என்று சொல்வதை ஒருபோதும் செய்யாதீர்கள். நள்ளிரவில் டாக்டர் மாறிவிடுவார், புதிதாக வருபவருக்குத் தெரிவது ஷீட் மட்டுமே.

ரிப்போர்ட் சொல்லும்போதும் "இன்சுலின் எல்லாம் போட்டாச்சு" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். பெயர், ஐ.பி. நம்பர், யூனிட், போட்ட நேரம், எவ்வளவு சாப்பிட்டார் என்று கட்டில் கட்டிலாக, ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இரவு சிஸ்டர் உங்களை நிறுத்தி, "இட்லி எத்தனை?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். பத்து மணிக்கு முதலில் எந்தக் கட்டிலுக்குப் போக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.